உண்மையான வீட்டுக்குப் பொய்யான கரண்ட் பில் எதற்கு?

வாடகைக்குப் புது வீடு எடுத்து, பால் காய்ச்சி, சாமான்களை அடுக்கி முடித்த இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வரும் தொல்லை இது. வங்கியில், காஸ் ஏஜென்சியில், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில், எங்கே போனாலும் ‘அட்ரஸ் ப்ரூஃப் கொடுங்க, கரண்ட் பில் இருந்தால் போதும்’ என்பார்கள். கரண்ட் பில் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதில் வீட்டு ஓனர் பெயர் இருக்கும். ஓனர் காலமாகிவிட்டால் அவருடைய அப்பா பெயர்கூட இருக்கும். குடியிருப்பவர் பெயர் மட்டும் இருக்காது.

அந்த நேரத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலோ, தெரிந்தவர் அனுப்பிய வாட்ஸ்அப் எண்ணிலோ ஒருவர் எளிதாக ஒரு வழி சொல்வார். “பில்லை அனுப்புங்க சார், பேரை மட்டும் மாத்திக் கொடுத்துடறேன். அட்ரஸ் உங்க அட்ரஸ்தானே, என்ன ஆகப்போகுது?” சில நூறு ரூபாய்க்கு வேலை முடிந்துவிடும். படித்தவர்களும், நல்ல வேலையில் இருப்பவர்களும், ஒரு போக்குவரத்து விதியைக்கூட மீறாதவர்களும் இந்தப் பேச்சில் விழுகிறார்கள். அதற்குக் காரணம் கெட்ட எண்ணம் அல்ல. ‘நான் அங்கேதானே குடியிருக்கிறேன், இதில் என்ன பொய் இருக்கிறது?’ என்ற நியாயம் மனதுக்குள் ஓடுவதுதான். அந்த நியாயம் சட்டத்தின் முன் ஏன் நிற்காது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பிறகு, அதற்குத் தேவையே இல்லாத நேர்வழிகளுக்கு வருவோம்.

முகவரி உண்மையா என்பது ஒரு கேள்வி. ஆவணம் உண்மையா என்பது வேறு கேள்வி. மின்வாரியம் ‘இந்த இணைப்பு இன்னார் பெயரில் உள்ளது’ என்று பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பெயரை மாற்றும் அதிகாரம் மின்வாரியத்துக்கு மட்டுமே உண்டு. வேறொருவர் அதை அழித்துத் தன் பெயரை எழுதி, வாரியமே கொடுத்ததுபோல் இன்னொரு அலுவலகத்தை நம்பவைத்தால், வீடும் தெருவும் நிஜமாகவே இருந்தாலும் அது போலி ஆவணம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 335-வது பிரிவு போலி ஆவணம் உண்டாக்குவது என்றால் என்ன என்று சொல்கிறது. உண்மையான ஆவணத்தின் முக்கியமான பகுதியை, அதிகாரமில்லாமல், ஏமாற்றும் எண்ணத்தோடு திருத்துவதும் அதற்குள் வருகிறது. கணினியில் திருத்திய பிடிஎஃப் கோப்புக்கும் இது பொருந்தும். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் செய்தால் 336-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம்.

‘நான் செய்யவில்லை, கடைக்காரர்தான் செய்தார்’ என்று சொல்லித் தப்பவும் முடியாது. போலி என்று தெரிந்தே அதை உண்மையானதுபோல் பயன்படுத்துபவரை, அதைத் தானே செய்தவர்போலக் கருதித் தண்டிக்க வேண்டும் என்கிறது 340-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 471-வது பிரிவாக இருந்தது இதுதான். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தால் இன்னொரு சட்டமும் சேரும். தெரிந்தே பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் பெற முயல்வது 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவின்படி குற்றம். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பாஸ்போர்ட் கையில் கிடைத்த பிறகு விஷயம் தெரியவந்தாலும் அதைப் பறிமுதல் செய்ய அதிகாரம் இருக்கிறது. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும், உண்மைதான். ஆனால் ‘எனக்கு அந்த எண்ணம் இல்லை’ என்று நீதிமன்றத்தில் நின்று சொல்லும் நிலைமைக்கு, ஒரு காஸ் இணைப்புக்காக யாரும் போக வேண்டியதில்லை.

மாட்டிக்கொள்வது அத்தனை சுலபமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் ரொம்பவே சுலபம். நம் வீடுகளுக்கு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி எண் உண்டு. பணம் கட்டும் எந்த யுபிஐ செயலியிலும் அந்த எண்ணை இட்டு, பில் நிலுவையில் இருந்தால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு கட்ட வேண்டும் என்பது திரையில் வந்துவிடும். வங்கி கவுன்டரில் இருப்பவர் சந்தேகப்பட்டால் தன் போனிலேயே பார்த்துவிடலாம். இணைப்பு எண்ணை வைத்துப் பெயரைத் தானாகச் சரிபார்க்கும் மென்பொருளைப் பல நிதி நிறுவனங்கள் இப்போது வைத்திருக்கின்றன. பில்லில் ஒரு பெயரும் வாரியத்தின் பதிவில் வேறு பெயரும் இருந்தால் அடுத்த நிமிடமே தெரிந்துபோகும்.

கொடுத்த அன்று யாரும் பார்க்கவில்லை என்பதால் ஆபத்து தீர்ந்துவிடுவதும் இல்லை. வங்கியில் கொடுத்த நகல் கோப்பில் அப்படியே இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி வாடிக்கையாளரின் கேஒய்சி விவரங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பித்தாக வேண்டும். ஆபத்து குறைந்தவர் என்று வகைப்படுத்தப்பட்டவருக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரத்துக்கு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதிக ஆபத்துள்ளவருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அந்தப் பழைய கோப்பு மறுபடி மேசைக்கு வரலாம்.

பலர் யோசிக்காத ஒன்றும் உண்டு. பில்லைத் திருத்தித் தருபவரிடம் நாம் ஆதாரையும் பான் அட்டையையும் புகைப்படத்தையும் அனுப்புகிறோம். காசுக்காகப் போலி ஆவணம் செய்யும் ஒருவரிடம் நம் அடையாளம் முழுவதையும் ஒப்படைக்கிறோம். அவற்றை வைத்து அவர் வேறு யாருக்காவது சிம் கார்டோ வங்கிக் கணக்கோ எடுத்துக் கொடுத்தால், தட்டப்படும் முதல் கதவு நம் வீட்டுக் கதவுதான். அந்த நேரத்தில் புகார் கொடுக்கவும் கை வராது.

இனி நேர்வழிகள். ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். தென்காசியிலிருந்து ஒருவர் அம்பத்தூரில் வேலை கிடைத்து மனைவியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருடைய ஆதாரிலும் தென்காசி முகவரி இருக்கிறது. சம்பளக் கணக்கு, சமையல் எரிவாயு, ஆதார் முகவரி மாற்றம், கொஞ்சம் பொறுத்து பாஸ்போர்ட் ஆகிய நான்கும் அவருக்கு வேண்டும். இவற்றில் எதற்குமே அவர் பெயரில் கரண்ட் பில் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

அவசரமானது வங்கிக் கணக்கு. ஆதார் எண்ணைக் கொடுத்து, விரல் ரேகையோ ஓடிபியோ வைத்து இ-கேஒய்சி முறையில் கணக்கு தொடங்குபவரின் இப்போதைய முகவரி ஆதாரில் உள்ளதிலிருந்து வேறாக இருந்தால், அதை அவரே எழுதிக் கையெழுத்திட்டு உறுதிமொழியாகக் கொடுக்கலாம். பணப் பரிமாற்ற மோசடித் தடுப்பு விதிகளில் 2019 நவம்பரில் மத்திய அரசு இதற்கான திருத்தத்தைக் கொண்டுவந்தது. வேலைக்காக ஊர் மாறுபவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட திருத்தம் அது. பல கிளைகளில் இதைத் தாமாகச் சொல்வதில்லை. “ஆதார் இ-கேஒய்சி செய்கிறேன், இப்போதைய முகவரிக்கு உறுதிமொழி எழுதித் தருகிறேன்” என்று நாமே கேட்க வேண்டும். மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் மேலாளர் வந்து பேசுவார்.

வங்கிகளிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. அடையாள ஆவணத்தில் பழைய முகவரி இருந்தால், இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின், தொலைபேசி, போஸ்ட்பெய்டு மொபைல், குழாய் எரிவாயு, தண்ணீர் பில்களில் ஏதாவது ஒன்றை இப்போதைக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. புதிய முகவரியுள்ள அடையாள ஆவணத்தை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இந்தப் பட்டியலில் போஸ்ட்பெய்டு மொபைல் பில் இருப்பதைக் கவனியுங்கள். கரண்ட் பில்லில் பெயர் மாற்ற முடியாது. ஆனால் நம் சொந்தப் போஸ்ட்பெய்டு எண்ணின் பில் முகவரியை நிறுவனத்திடம் முறைப்படி சொல்லி மாற்றிக்கொள்ளலாம். அந்த நிறுவனம் கேட்கும் சான்றைக் கொடுத்தால் போதும். அடுத்த பில் நம் பெயரில், நம் முகவரிக்கு வரும்.

அடுப்புக்கு வருவோம். ஊரில் ஏற்கெனவே காஸ் இணைப்பு இருந்தால் அதை இங்கே மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அதற்கு வாடகை ஒப்பந்தமும் ஓனர் பெயரிலுள்ள கரண்ட் பில் நகலும் சேர்ந்து உதவும். அது வரும்வரை ஹோட்டலை நம்பியிருக்க வேண்டாம். எண்ணெய் நிறுவனங்கள் விற்கும் 5 கிலோ சிறிய சிலிண்டருக்கு அடையாள அட்டை ஒன்று போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. இந்தியன் ஆயில் அதை ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது. இடம் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் என்றே வந்த ஏற்பாடு இது. ஏழைக் குடும்பப் பெண்களுக்கான உஜ்வலா 2.0 திட்டத்திலும், ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் முகவரிக்குச் சுய உறுதிமொழி கொடுத்தால் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை மூன்றுக்கும் பொதுவான, குடியிருப்பவர் கையில் இருக்கக்கூடிய மிக வலுவான சான்று பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதி, இரண்டு கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிடுகிறோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்கவே 11 மாதப் பழக்கம் வந்தது. அந்தப் பதியாத தாளைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. கரண்ட் பில்லைத் திருத்தும் யோசனையே பலருக்கு அங்கேதான் வருகிறது.

11 மாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விரும்பினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு சட்டம் இருக்கிறது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. அதற்காக tenancy.tn.gov.in என்ற இணையதளம் இருக்கிறது. பதிந்தால் அந்த வாடகைக்கென்று ஒரு பதிவு எண் கிடைக்கும். இந்த எண்ணும் சார்பதிவாளர் பதிவும் வேறு வேறு. ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், இரண்டையும் முடித்துவைத்துக்கொள்வது நல்லது. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் கொஞ்சம் ஆகும். ஓனரோடு பேசிப் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம், இல்லையென்றால் நாமே கட்டிவிடலாம். குடும்பத்துக்குத் தேவையான அத்தனை சான்றுகளுக்கும் அது ஒன்றே அடிப்படை என்பதால் அந்தச் செலவு வீண் இல்லை.

அம்பத்தூர்க்காரர் ஒப்பந்தத்தைப் பதிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் அவர் பெயர் ஆதாரில் உள்ளபடியே, இனிஷியல் உட்பட, இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கதவு எண் பழையதும் புதியதும், தளம், தெரு, பின்கோடு எல்லாம் முழுதாக இருக்க வேண்டும். ஆதார் விண்ணப்பங்கள் திரும்பிவருவதற்கு இந்தச் சின்னச் சின்ன முரண்பாடுகள் பெரிய காரணம். அசல் ஒப்பந்தத்தோடு ஆதார் மையத்துக்குப் போய் முகவரியை மாற்றிக்கொள்கிறார். அடுத்து மனைவி. அவர் பெயர் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு முகவரி மாற்றும் வசதியை ஆதார் ஆணையம் 2023-இல் கொண்டுவந்தது. மனைவி இணையத்தில் கணவரின் ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவைக் காட்டும் ஆவணத்தைப் பதிவேற்றி விண்ணப்பிக்க வேண்டும். கணவர் 30 நாளுக்குள் தன் ஆதார் பக்கத்தில் நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் விண்ணப்பம் முடிந்துவிடும், கட்டணமும் திரும்பாது. அதனால் விண்ணப்பித்த அன்றே ஒப்புதலையும் கொடுத்துவிடுவது நல்லது. உறவு ஆவணமே இல்லாதவர்களுக்கு ஆணையம் தரும் படிவத்தில் குடும்பத் தலைவர் உறுதிமொழி கொடுக்கும் வழியும் உண்டு.

புதிய முகவரியோடு ஆதார் வந்துவிட்டால் மற்றவை வரிசையாக நடக்கும். வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்துக்குப் படிவம் 8-ஐக் கட்டணமில்லாமல் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டுக்கும் அந்த ஆதாரே முகவரிச் சான்றாகும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘தென்காசி முகவரியைக் கொடுத்தால் சீக்கிரம் முடியும்’ என்று சிலர் யோசனை சொல்வார்கள். இப்போது குடியிருக்கும் முகவரியைத்தான் அங்கே தர வேண்டும். ஊரில் இல்லாத நாளில் போலீஸ் விசாரணைக்கு வந்தால் விண்ணப்பம் சிக்கலாகும்.

ஓனர் பதிவுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால்? அப்போதும் வழி மூடிப்போவதில்லை. ஆதாருக்கு, ஆணையத்தின் குறிப்பிட்ட படிவத்தில் மாநகராட்சி கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர், தாசில்தார் போன்றோர் புகைப்படத்தின் மேல் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தரும் சான்று செல்லும். மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய கடிதம் போதாது, அந்தப் படிவமே வேண்டும். வங்கிக் கணக்கில் முகவரி மாறியிருந்தால், புகைப்படம் ஒட்டி வங்கி முத்திரை வைத்த பாஸ்புக் பாஸ்போர்ட்டுக்கு உதவும். பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவர் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்து, முத்திரையோடு முகவரிச் சான்று வாங்கினாலும் பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்கும். எங்கே போனாலும் கவுன்டரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘கரண்ட் பில் தவிர வேறு என்னென்ன ஏற்பீர்கள், பட்டியலைக் காட்ட முடியுமா?’ என்பதுதான். எல்லா அலுவலகத்துக்கும் அச்சிட்ட பட்டியல் ஒன்று இருக்கும். கவுன்டரில் சொல்வது அந்தப் பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே இருக்கும்.

வீட்டு ஓனர்களுக்கும் சில வார்த்தைகள். குடித்தனக்காரர் இந்த முகவரியில் ஆதார் எடுத்தால் வீட்டையே உரிமை கொண்டாடுவாரோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஆதாரும் வாக்காளர் அட்டையும் சொத்துரிமை தருவதில்லை. உங்கள் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர், குடியிருக்கும் காலத்தில் உங்கள் உரிமையை மறுத்து வழக்காட முடியாது என்பது சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள விதி. எழுத்தில் உள்ள, பதிவான ஒப்பந்தம்தான் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது காலி செய்ய வேண்டும் என்பதை உங்கள் பக்கம் நின்று சொல்லும். ஒப்பந்தம் தராமல் இழுத்தடித்தால், குடித்தனக்காரர் உங்கள் பெயரிலுள்ள பில்லை எங்கேயோ கொண்டுபோய்த் திருத்தும் நிலைமை வரும். அந்தத் திருத்தப்பட்ட பில்லின் இணைப்பு எண் உங்களுடையதுதான். முன்பின் தெரியாதவர் பெயரில் உங்கள் முகவரிக்குக் கடன் நோட்டீஸ் வர ஆரம்பித்தால், அந்தக் கடிதத்தின் நகலோடு உள்ளூர் காவல் நிலையத்திலும் கடன் கொடுத்த நிறுவனத்திலும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே திருத்திய பில்லை எங்கேயாவது கொடுத்துவிட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். அந்தப் பில்லை இனி எங்கும் காட்ட வேண்டாம். மேலே சொன்ன வழிகளில் ஒன்றில் உண்மையான சான்றை இப்போதே தயார் செய்யுங்கள். கொடுத்த இடத்தில் அதை எப்படிச் சரி செய்வது, என்ன எழுதிக் கொடுப்பது என்பதை ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்ட பிறகு செய்யுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், போலீஸ் விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்பே வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.